31 சனிக்கிழமைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் 26ஆம் தேதியோடு நான் கடைசியாகப் பந்தயம் கட்டி ஒரு வருடம் முடிந்தது. கிரிக்கெட் பந்தயம். அதைப் பற்றி வானொலியில் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பெயர் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். மகன் ஏழாவது படிக்கிறான், பள்ளியில் யாராவது ஏதாவது சொல்லிவிடக் கூடாது. மற்றபடி ஒளிக்க ஒன்றும் இல்லை. கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் ஒரு சிறிய லேத் பட்டறையில் டர்னராக இருக்கிறேன். மோட்டாருக்கும் பம்புக்கும் ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற வேலை. முதலாளியையும் சேர்த்து ஏழு பேர். வாரச் சம்பளம், சனிக்கிழமை சாயங்காலம் கையில் வரும். இந்தச் சனிக்கிழமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

சூதாட்டம் என்றதும் தருமன் கதையைத் தொடங்கிவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பீர்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. தருமனுக்கு நாடு இருந்தது. எனக்கு இருந்தது ஒரு ஸ்மார்ட் போனும், வாட்ஸ்அப்பில் ஒரு ஏஜென்ட்டும்.

ஏஜென்ட் என்றால் யார் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவருக்குக் கடை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது, முகமே கிடையாது. ஒரு எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பினால் ஒரு ‘ஐடி’ தருவார். ஏதோ ஒரு வெளிநாட்டு இணையதளத்தில் உங்களுக்கென்று ஒரு கணக்கு, ஒரு கடவுச்சொல். பணத்தை யுபிஐயில் அனுப்ப வேண்டும். யாருக்கு அனுப்புகிறோம் என்று பார்த்தால் இன்றைக்கு ஒரு பெண் பெயர் இருக்கும், நாளைக்கு ஏதோ டிரேடர்ஸ் என்று இருக்கும், அடுத்த வாரம் வேறு மாநிலத்துப் பெயர். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தேகப்படவில்லை. முதல் வாரம் 100 ரூபாயில் ஆரம்பித்து 2,300 ரூபாய் எடுத்தேன். 2020ஆம் ஆண்டு, ஐபிஎல் துபாய்ப் பக்கம் நடந்ததே, அந்த வருடம். ஜெயித்த பணம் கேட்ட பத்தாவது நிமிடத்தில் வந்து விழுந்தது. அதன் பிறகு அந்தப் பெயர்களை நான் படிப்பதே இல்லை.

என் அப்பாவும் லாட்டரிப் பைத்தியம்தான். தினமும் காலையில் பஸ் நிலையத்துக் கடையில் டிக்கெட், சாயங்காலம் குலுக்கல் முடிவு. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்கள். கடை மூடியது, அப்பா ஒரு மாதம் முறுக்கிக்கொண்டு திரிந்தார், பிறகு விட்டுவிட்டார். அவருக்குக் கடையை மூடினால் போதுமாக இருந்தது. என் கடை என் சட்டைப் பையில் இருந்தது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நிலையத்தில் என்னிடம் முதலிலேயே சொன்னார்கள், ‘கணக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள், வானொலியில் எண் நிற்காது’ என்று. குறைத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த ஒரு கணக்கைச் சொல்லாமல் போக மாட்டேன். இந்த ஒரு வருடத்தில் நான் கண்டுபிடித்த ஒரே விஷயம் இதுதான். மெதுவாகச் சொல்கிறேன், வண்டி ஓட்டிக்கொண்டு கேட்பவர்களுக்கும் புரியும்.

யார் ஜெயிப்பார்கள் என்று கட்டுவது பழைய பந்தயம். நான் ஆடியது செஷன். முதல் 6 ஓவரில் எத்தனை ரன் வரும்? 10 ஓவரில் எத்தனை? 15? 20? திரையில் இரண்டு எண் காட்டுவார்கள். 48, 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘நோ’ என்று கட்டுகிறவனுக்கு 48. அதாவது 47 அல்லது அதற்குக் கீழே வந்தால் அவன் ஜெயித்தான். ‘யெஸ்’ என்று கட்டுகிறவனுக்கு 50. அதாவது 50 அல்லது அதற்கு மேலே வந்தால் அவன் ஜெயித்தான். 100 கட்டினால் 100 லாபம். நியாயமாகத்தானே தெரிகிறது?

48 வந்தால்? 49 வந்தால்? இரண்டு பேருக்கும் தோல்வி. இரண்டு பேர் பணமும் ஒரே பைக்குள் போகிறது.

திரும்பவும் சொல்கிறேன். 47 வந்தால் ஒருவனுக்கு, 50 வந்தால் இன்னொருவனுக்கு, 48ம் 49ம் வந்தால் நடத்துகிறவனுக்கு. அந்த இடைவெளிதான் அவன் கடை வாடகை, அவன் லாபம், அவன் ஏஜென்ட்டுக்குக் கமிஷன், எல்லாம். எந்த அணி ஜெயித்தாலும் அவனுக்குக் கவலையே இல்லை. பட்டறையில் நாங்கள் தண்டுக்கும் துளைக்கும் நடுவே விடுகிற சந்து மாதிரி. பார்த்தால் தெரியாது, ஆனால் எண்ணெய் அந்த வழியாகத்தான் கசியும்.

சரி, 100 தடவை கட்டினால் ஒரு 6 தடவை அந்தச் சந்தில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 94. உங்களுக்குக் கிரிக்கெட் அறிவு சாதாரணமாக இருந்தால் பாதி ஜெயிப்பீர்கள், 47. தோல்வி 53. ஒவ்வொரு தடவையும் 500 ரூபாய் என்றால், 100 தடவைக்கு 3,000 ரூபாய் நஷ்டம். கட்டிய மொத்தத் தொகை 50,000. நூற்றுக்கு 6 ரூபாய்.

ஒரு ஆட்டத்துக்கு இரண்டு இன்னிங்ஸும் சேர்த்து 8 செஷன். சீசனுக்கு 74 ஆட்டம். ஒன்றைக்கூட விடாமல் எல்லாவற்றிலும் 500 கட்டினால் 592 பந்தயம். மொத்தம் 2,96,000 ரூபாய் உள்ளே போய் வெளியே வரும். அதில் நூற்றுக்கு 6 என்றால் 17,760 ரூபாய்.

இந்த எண்ணை நானே எழுதிப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு சீசன் முழுவதும் பைத்தியம் மாதிரி ஒன்று விடாமல் கட்டினால்கூட 17,760தான் போக வேண்டும். அதுவும் பெரிய பணம்தான், எங்கள் வீட்டு வாடகை மூன்று மாதத்துக்கு. ஆனால் என் கடன் 4,18,000. அப்படியென்றால் மீதிப் பணத்தை எடுத்தது யார்? அந்த 48, 49 எடுக்கவில்லை. சந்தில் கசிந்தது கொஞ்சம். மீதியை நானே வாளியில் மொண்டு கொட்டியிருக்கிறேன்.

விட்டதைப் பிடிப்பது. அவ்வளவுதான் விஷயம். தோற்றால் அடுத்ததில் இரண்டு மடங்கு கட்டுவது. நான் அதை ஒரு திறமை என்றே நினைத்திருந்தேன். 1,000 போனால் 2,000 கட்டு, அதுவும் போனால் 4,000 கட்டு, என்றைக்காவது ஒரு தடவை ஜெயிக்காமலா போய்விடும், ஜெயித்தால் விட்டதெல்லாம் வந்து மேலே 1,000 மிச்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பெரும்பாலான நாட்களில் அப்படித்தான் நடக்கும், அதுதான் ஆபத்து. ஐந்து தடவை தொடர்ந்து தோற்கிற நாள் எப்போதோ ஒரு முறைதான் வரும். அந்த ஒரு நாள், முப்பது நாள் சம்பாதித்ததை எடுத்துக்கொண்டு போய்விடும்.

எனக்கு அந்த நாள் 2024 மே 26, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் இறுதி ஆட்டம், கொல்கத்தாவுக்கும் ஹைதராபாத்துக்கும்.

சனிக்கிழமை முதலாளி எனக்கு 31,000 ரூபாய் அனுப்பியிருந்தார். திங்கட்கிழமை காலை இரும்பு ராடு வரும், நீயே கொடுத்து இறக்கிவிடு, நான் ஈரோடு போகிறேன் என்றார். இஎன் 8 ராடு, ஷாஃப்ட்டுக்கு அதைத்தான் போடுவோம். என் கணக்கில் என் பணம் 400 சொச்சம், அவர் பணம் 31,000.

அந்த சீசனில் ஹைதராபாத் எப்படி ஆடியது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். டெல்லிக்கு எதிராக முதல் 6 ஓவரில் விக்கெட்டே போகாமல் 125 ரன். பெங்களூருக்கு எதிராக 20 ஓவரில் 287. டாஸ் ஜெயித்து முதலில் பேட்டிங் என்றதும், 6 ஓவருக்கு ‘யெஸ்’ என்று 1,000 கட்டினேன். முதல் ஓவரிலேயே ஸ்டார்க் பந்தில் அபிஷேக் சர்மாவின் ஸ்டம்ப் போனது. அடுத்த ஓவரில் ஹெட், சந்தித்த முதல் பந்திலேயே அவுட். 1,000 போனது. 10 ஓவருக்கு 2,000. போனது. அடி விழுந்த அணி எழுந்து அடிக்கும் என்று 15 ஓவருக்கு 4,000. போனது. கம்மின்ஸ் நிற்கிறார், கடைசியில் சுற்றுவார் என்று 20 ஓவருக்கு 8,000. 113க்கு எல்லோரும் அவுட். ஐபிஎல் இறுதி ஆட்டத்தில் அதுவரை அதைவிடக் குறைவாக யாரும் எடுத்ததில்லை. இதுவரை 15,000.

மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். வருகிறேன் என்றேன். மீதம் 16,000, அடுத்த இரட்டிப்பும் சரியாக 16,000. அதை நான் சகுனம் என்று எடுத்துக்கொண்டேன், என் புத்தி அந்த நேரத்தில் அப்படித்தான் வேலை செய்யும். 114 ரன்தானே வேண்டும், இறுதி ஆட்டம், கொல்கத்தா நிதானமாக ஆடும் என்று 6 ஓவருக்கு ‘நோ’ கட்டினேன். அவர்கள் 10.3 ஓவரில் ஆட்டத்தையே முடித்துவிட்டார்கள்.

கவனித்தீர்களா? முதல் நான்கு தடவை நிறைய ரன் வரும் என்று கட்டித் தோற்றேன். ஐந்தாவது தடவை குறைவாக வரும் என்று கட்டித் தோற்றேன். கிரிக்கெட் தெரிந்தவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

மறுநாள் காலை எட்டரைக்கு ராடு ஏற்றிய குட்டியானை பட்டறை வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர், பணம் கொடுத்தால்தான் இறக்குவேன் என்றார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ பேசுகிற மாதிரி தெருக்கோடி வரை நடந்தேன். ஒன்பதரைக்கு அவர் வண்டியைத் திருப்பினார். திருப்பும்போது ராடுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுவென்று ஒரு சத்தம் வந்தது. 22 வருடமாக அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன். அன்றைக்கு அது போய்க்கொண்டிருந்தது.

முதலாளி சாயங்காலம் வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். சீவல் தொட்டிப் பக்கம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் பட்டறையில் கடைந்து விழுகிற சீவலை எடைக்குப் போடுவோம். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கோணியை இழுத்துப் போட்டார். உள்ளே பாதி கடைந்த ஷாஃப்ட்டுகள். 14. நான் ஒளித்துவைத்தவை.

இது கொஞ்சம் விளக்க வேண்டும். ஷாஃப்ட்டில் பேரிங் உட்காருகிற இடம் என்று ஒன்று இருக்கிறது. எங்கள் ஷாஃப்ட்டில் அது 25 மில்லிமீட்டர். அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 2 பங்கு முதல் 15 பங்கு வரைதான் கூடலாம். தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன். கடைசி அளவைக் கிரைண்டிங்கில் எடுப்பார்கள். நான் கடைகிறபோது அதற்குக் கொஞ்சம் மிச்சம் விட வேண்டும். தடிமன் கூடிப்போனால் பரவாயில்லை, இன்னொரு வெட்டு ஓட்டிக்கொள்ளலாம். குறைந்துவிட்டால் முடிந்தது, காயலான் கடைதான். லேத்தில் இன்னொரு விஷயம், கைப்பிடியைக் கால் மில்லி உள்ளே கொடுத்தால் விட்டத்தில் அரை மில்லி குறையும், இரண்டு பக்கமும் போகிறது அல்லவா. அதனால் இந்த வெட்டைக் கொடுத்தோமா இல்லையா என்பதில் ஒரு நொடி குழப்பம் வந்தால் போதும். பையில் போன் அதிரும். எடுத்து ரேட் பார்ப்பேன். திரும்பி வந்து, கொடுத்த வெட்டையே மறுபடியும் கொடுப்பேன். ஷாஃப்ட் போச்சு.

முதலாளி சொன்னது இவ்வளவுதான். “ராடு பணம் நேற்றுத்தான் போயிருக்கிறது. இது நான்கு மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறது. நீயே சொல்வாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.” அவருக்கு முதலிலிருந்தே தெரியும். எடைக்கு எடுக்க வந்த ஆள் காட்டியிருக்கிறார். எனக்கு ராடு பணத்தைவிட அந்தக் கோணிதான் அசிங்கமாக இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. வாரம் 1,000 ரூபாய் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். 31 சனிக்கிழமை. ஜூன் 1ஆம் தேதி முதல் பிடித்தம், டிசம்பர் 28 கடைசிப் பிடித்தம். ஒவ்வொரு சனிக்கிழமையும் சுவரில் இருக்கிற நாள்காட்டியில் அவரே ஒரு கோடு போடுவார். இன்னொரு நிபந்தனையும் சொன்னார். மீதிச் சம்பளம் இனி உன் கையில் வராது, உன் வீட்டுக்காரம்மா கணக்குக்குப் போகும் என்றார். அதற்கு வீட்டில் சொல்லியாக வேண்டும். அதனால்தான் சொன்னேன். மனம் திருந்திப் போய்ச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அன்று ராத்திரி மனைவி அழவில்லை. மகனின் பழைய 80 பக்க நோட்டை எடுத்து, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். யார் யாருக்கு எவ்வளவு, சொல்லுங்கள் என்றாள். இரண்டு லட்சம் இருக்கும் என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நகைக்கடன் 1,10,000. வாரவட்டிக்காரர் 60,000. செல்போனில் கடன் கொடுக்கிற செயலிகள் இரண்டு, 43,000. என் மைத்துனர், அதாவது அவளுடைய தம்பி, 75,000. அவள் பெயரில் மகளிர் குழுவில் எடுத்தது 40,000. நண்பர்கள் ஐந்து பேர், 59,000. முதலாளி 31,000. கூட்டினாள். 4,18,000. ஒரு மைக்ரான் இரண்டு மைக்ரான் என்று அளந்து பிழைக்கிறவனுக்குத் தன் வீட்டுக் கடனில் இரண்டு லட்சத்துச் சொச்சம் கணக்குத் தெரியவில்லை.

“தம்பியிடம் வாங்கியது எப்போது?” என்று மட்டும் கேட்டாள். அவள் தாயார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். அதைப் பற்றி இன்றுவரை நாங்கள் பேசவில்லை.

பைக்கை விற்றோம், 45,000 வந்தது. மேலே 15,000 போட்டு வாரவட்டியை முதலில் அடைத்தோம், அதுதான் தினமும் வளர்கிற கடன். இப்போது பஸ்ஸில்தான் போகிறேன்.

முதல் மூன்று வாரம் தூக்கம் வரவில்லை. மணி ஏழரை ஆனால் கை தானாகப் பைக்குள் போகும். ஆட்டம் இல்லாத நாளிலும் போகும். அற்பக் காரணத்துக்கெல்லாம் மகன் மேல் எரிந்து விழுந்தேன். மைத்துனர்தான் என்னை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போனார். 75,000 கொடுத்தவர் அவர், வெளியே பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே அந்த டாக்டரம்மா, எவ்வளவு இழந்தீர்கள் என்று கேட்கவே இல்லை. “இழந்த மறுநாள் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். விட்டதைப் பிடிக்கப் போவேன் என்றேன். தலையாட்டிக்கொண்டு எழுதினார். குடிக்கு அடிமையாவது போல இதுவும் ஓர் அடிமைத்தனமாகவே மருத்துவத்தில் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்றும், அந்த ஒரு பதில்தான் முக்கியமான அடையாளங்களில் ஒன்று என்றும் சொன்னார். பொழுதுபோக்குக்கு ஆடுகிறவன் தோற்றால் எழுந்து போய்விடுவான். நோய் உள்ளவன் தோற்றால்தான் உட்காருவான்.

ஒரு வருடம் எப்படித் தாக்குப்பிடித்தாய், மனவுறுதி வேண்டுமே என்று கேட்கிறார்கள். எனக்கு மனவுறுதி இல்லை என்பதை ஊரே பார்த்தாகிவிட்டது. பணம் என் கையில் இல்லை, அவ்வளவுதான். சம்பளம் மனைவி கணக்குக்குப் போகிறது. எனக்கு வாரம் 700 ரூபாய், நோட்டாக. பஸ்ஸுக்கும் டீக்கும். போனில் யுபிஐயே கிடையாது. சிம் கார்டை மாற்றினோம். என் வங்கிக் கணக்குக்கு வருகிற குறுஞ்செய்தி அவள் எண்ணுக்குப் போகிறது. ஜூலையில் எப்படியோ என் புது எண்ணைக் கண்டுபிடித்து ஏஜென்ட் கூப்பிட்டார். “அண்ணா, உங்கள் ஐடியில் 2,000 போனஸ் போட்டிருக்கிறேன், சும்மா ஆடுங்கள்.” சும்மா இல்லை. அந்த 2,000ஐ ஐந்து தடவை பந்தயத்தில் சுற்றினால்தான் வெளியே எடுக்க முடியும். ஐந்து தடவை சுற்றுவதற்குள் அந்த 48, 49 தன் வேலையைப் பார்த்துவிடும், அதற்குள் நானும் பழைய ஆளாகிவிடுவேன். எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. பையில் இருந்தது 140 ரூபாய். 1,40,000 இருந்திருந்தால் இன்றைக்கு இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சட்டம் பற்றியும் கேட்பார்கள். நம் மாநிலத்தில் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் இருக்கிறது. பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை தடை என்று 2025 பிப்ரவரியில் விதிமுறையும் வந்தது. ரம்மி ஆடியவர்களுக்கு அது நல்லதாக இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்குத் தோற்றவன் மூன்று மணிக்குக் கடன் வாங்குவான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பதிவு செய்து தொழில் நடத்துகிறவனைத்தான் நேரத்தில் கட்ட முடியும். என் ஏஜென்ட் எந்த விதியில் அகப்படுவார்?

ஒரு தடவை சறுக்கப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். 2025 மார்ச் 22 ஐபிஎல் தொடங்கியது. பணம் இல்லாமல் சும்மா காகிதத்தில் எழுதிப் பார்க்கலாமே என்று தோன்றியது. 6 ஓவருக்கு இத்தனை, யெஸ், 500 என்று நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். மூன்று நாள். மூன்றாவது நாள் காகிதத்தில் 4,000 தோற்றேன், அடுத்த வரியில் கை தானாக 8,000 என்று எழுதியது. நெஞ்சு அதே மாதிரி அடித்தது. ஒரு ரூபாய்கூட இல்லை, ஆனால் அதே அடி. டாக்டரம்மாவிடம் சொன்னபோது, காகிதமும் வேண்டாம், மனதுக்குள் ஊகிப்பதும் வேண்டாம் என்றார்.

மகனுக்குக் கிரிக்கெட் உயிர். வீட்டில் தொலைக்காட்சியை மூடிவைப்பதா என்று பேசினோம். அவன் என்ன பாவம் செய்தான்? கடைசியில், அவன் பார்க்கலாம், நான் அவன் பக்கத்தில் கீழே உட்காருவேன், போன் சமையலறையில் இருக்கும் என்று முடிவானது. ஏப்ரலில் ஒரு நாள் அவன், “அப்பா, அந்தப் பந்து வெளியே போகாமல் உள்ளே வந்ததே, பார்த்தீர்களா? கூக்ளி” என்றான். நான் பார்க்கவில்லை. நான்கு வருடமாக ஒரு பந்தைக்கூடப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஸ்கோரின் மூலையைத்தான் பார்த்திருக்கிறேன். மே மாதம் எல்லைப் பதற்றத்தால் ஆட்டங்களை ஒரு வாரம் நிறுத்தினார்களே, அப்போது அவன் தெருவில் எனக்குப் பந்து போட்டுக் காட்டினான். இன்னும் எனக்கு அந்தக் கூக்ளி பிடிபடவில்லை.

வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். நவம்பரில் ஒரு நாள் பஸ் பழுதாகி ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தேன். மனைவி எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தாள், என் போனை எடுத்துப் பார்த்தாள், வைத்தாள். எனக்குக் கோபம் வந்தது. ஆறு மாதம் ஆகிவிட்டதே என்று. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன், நான்கு வருடம் பொய் சொன்னவன் ஆறு மாதம் உண்மை சொல்லியிருக்கிறேன். இப்போது கேட்காமலே போனை அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். சில நாள் பார்க்கிறாள். சில நாள் பார்க்காமல் அலமாரி மேல் வைத்துவிடுகிறாள். அலமாரி மேல் வைக்கிற நாட்கள் கொஞ்சம் கூடியிருக்கின்றன.

கடன் கணக்கு இப்படி நிற்கிறது. முதலாளி, வாரவட்டி, அந்த இரண்டு செயலிகள், மகளிர் குழு, நான்கும் முடிந்தன. நண்பர்களுக்கு 20,000 கொடுத்தாயிற்று. மீதி 2,24,000. நகை இன்னும் வங்கியில்தான். வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்திருக்கிறோம்.

பட்டறையில் இப்போது போனை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுத்தான் லேத்தைத் தொடுகிறேன். கெட்டுப்போகிற ஷாஃப்ட் இப்போதும் உண்டு, மனிதன்தானே. போன மாதம் இரண்டு. இரண்டையும் முதலாளி மேசையில் கொண்டுபோய் வைத்தேன். டூல் மழுங்கியிருக்கிறது பார் என்றார், உண்மையிலேயே மழுங்கித்தான் இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். கடன் செயலிகளைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன், என் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் அழைத்து அவமானப்படுத்தியது, அதை எப்படிச் சமாளித்தோம் என்பதெல்லாம். கணக்கிலேயே நேரத்தைத் தின்றுவிட்டேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். வீட்டில் ஒருவர் இப்படி இருந்தால் அவர் கடனை மொத்தமாக அடைத்துவிடாதீர்கள். 2022இல் என் அண்ணன் ஒரு தடவை 80,000 அடைத்தார். எனக்கு அது கடன் தீர்ந்ததாகத் தெரியவில்லை, 80,000 ஜெயித்த மாதிரி இருந்தது. அடுத்த வாரமே ஆடினேன். பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கடனை அவரே வாரம் வாரம் அடைக்கட்டும்.

பேச ஆள் வேண்டும் என்றால் டெலி மானஸ் எண் இருக்கிறது, அரசு நடத்துவது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். 14416. பேனா தேடுகிறவர்களுக்காக இன்னொரு முறை: ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு.

எனக்கு நாலு மணிக்கு இரண்டாம் ஷிஃப்ட். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வணக்கம்.